விழுங்கும் 150ஆ, வைக்கும் 500ஆ: பங்கசுத் தொற்றுக்கான ஒற்றைக் குளிசையைத் தெரிவு செய்தல்

கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு பார்மசியில் நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். கடையில் ஆண்கள் நிற்கும் நேரத்தில் சில பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். ஆட்கள் குறையும் வரை வெளியே நின்றுவிட்டு, பிறகு மேசையோடு ஒட்டி நின்று, தணிந்த குரலில் கேட்பார்கள்: "தங்கச்சி, கீழே ஒரே கடியாக்கிடக்கு. ஒரு குளிசையோட மாறுமெண்டு சொல்லுகினம். அதில பவர் கூடினதைத் தாங்கோ." அண்மையில் ஒரே கிழமைக்குள் இருவர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவரிடம் 150 என்று அச்சிட்ட பட்டையும், மற்றவரிடம் 500 என்று அச்சிட்ட பெட்டியும் இருந்தன. 500 வைத்திருந்தவர் தன்னுடையதே பவர் கூடியது என்று நம்பி, அதைத் தண்ணீரோடு விழுங்குவதற்கு ஆயத்தமாக இருந்தார். அது விழுங்கும் குளிசையே அல்ல.

யோனியில் வரும் பங்கசுத் தொற்றுக்கு ஒரே தடவையில் முடியும் மருந்துகளாக இங்கு பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஃபுளுகொனசோல் 150 மில்லிகிராம். இதை வாயால் விழுங்க வேண்டும். மற்றது குளோட்ரிமசோல் 500 மில்லிகிராம். இதை இரவில் யோனிக்குள் வைக்க வேண்டும். மூன்றாவதாக, அதே குளோட்ரிமசோலைச் சிறிய அளவில் ஆறு அல்லது ஏழு இரவுகள் வைக்கும் முறை உண்டு. அது ஒற்றைக் குளிசை இல்லை என்றாலும், ஒற்றைக் குளிசை பொருந்தாத பலருக்குச் சரியான தெரிவு அதுவாகவே இருப்பதால் அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறேன்.

## தெரிவு செய்ய முன்னர் கேட்க வேண்டியவை

முதலாவது, இது உண்மையிலேயே பங்கசுத் தொற்றுத்தானா என்பது. கேன்டிடா என்னும் பங்கசு பெருகும்போது கடி கடுமையாக இருக்கும். வெளிப்புறம் சிவந்து எரியும், சிறுநீர் பட்டால் சுள்ளென்று வலிக்கும். தயிர்க்கட்டி போன்ற தடித்த வெள்ளை படும், ஆனால் துர்நாற்றம் பெரும்பாலும் இராது. மீன் மணம் போன்ற மணத்தோடு மெல்லிய சாம்பல் நிறத் திரவம் படுமானால் அது பெரும்பாலும் பக்டீரியாக்களின் சமநிலை குழம்பியதால் வருவது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துக்கொண்டு படுமானால் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். இவை இரண்டுக்கும் மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்துகளே வேண்டும். ஃபுளுகொனசோலை எத்தனை மில்லிகிராம் எடுத்தாலும் அவை மாறா. "வெள்ளைபடுதல்" என்ற ஒரு சொல்லுக்குள் இவை எல்லாவற்றையும் நாங்கள் அடக்கிவிடுவதுதான் தவறான குளிசை கைக்கு வருவதற்கு முதற் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கர்ப்பம் தரித்திருக்க இடமுண்டா என்பது. மூன்றாவது, தினமும் எடுக்கும் வேறு மருந்துகள் எவை என்பது. நான்காவது, இது எத்தனையாவது தடவை என்பது. ஐந்தாவதாக, வீட்டில் அந்த மருந்தைச் சரியாகப் பயன்படுத்தும் வசதி உண்டா என்பதையும் கேட்பேன். இரண்டு அறை வீட்டில் மாமியோடும் பிள்ளைகளோடும் படுத்துறங்கும் ஒரு பெண்ணுக்கு, ஏழு இரவுகள் தொடர்ந்து தனிமை தேடுவது எளிதல்ல. வைத்தியர்கள் இதைப் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் ஏழு இரவு மருந்து மூன்றாம் இரவோடு நின்றுபோவதற்கு நான் அதிகம் கேள்விப்படும் காரணம் இதுதான்.

## எண்ணை வாசிப்பது எப்படி

பட்டையில் உள்ள எண், அந்தக் குளிசைக்குள் அந்த மருந்து எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லுகிறது. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஃபுளுகொனசோல் 150 விழுங்கியவுடன் ஏறத்தாழ முழுவதும் குருதியில் கலந்து, உடல் முழுவதும் பரவி, யோனியின் திசுக்களையும் அடைகிறது. குளோட்ரிமசோல் 500 வைத்த இடத்திலேயே நின்று வேலை செய்கிறது. குருதிக்குள் போவது மிகச் சிறு பங்கே. சிக்கலில்லாத தொற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு, அதாவது பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு, பலன் தருகின்றன. ஆகவே 500 என்பது 150ஐ விடப் பவர் கூடியது என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. குளோட்ரிமசோல் வைக்கும் குளிசையை ஒருவர் விழுங்கிவிட்டால் வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரலாம். நோய் மாறாது. அப்படி நடந்துவிட்டால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஒரே மருந்துக்குள்ளும் எண் மாறும். ஃபுளுகொனசோல் 50, 150, 200 என வெவ்வேறு அளவுகளில் வருகிறது. 50 மில்லிகிராம் கப்சூல் ஒன்றை எடுத்துவிட்டு "எனக்கு அந்த மருந்து பிடிக்கவில்லை" என்று சொல்பவர், உண்மையில் வேண்டிய அளவின் மூன்றில் ஒரு பங்கையே எடுத்திருக்கிறார். இருநூறு எடுத்தால் விரைவாக மாறும் என்பதும் சரியல்ல. சிக்கலில்லாத தொற்றுக்கு ஒரு தடவை 150 என்பதே நிறுவப்பட்ட அளவு. அதைக் கூட்டினால் பலனைவிடப் பக்கவிளைவே கூடும்.

பெயரையும் கடைசி வரை வாசிக்க வேண்டும். "சோல்" என்று முடியும் மருந்துகள் பல. மெட்ரோனிடசோல் பக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்கும் உரியது. அல்பெண்டசோல் 400 பூச்சிக் குளிசை, அதுவும் ஒரே தடவைதான். ஒமெப்ரசோல் வயிற்றெரிவுக்கு. தோலில் வரும் படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் கிரைசியோபல்வின் 500 பங்கசு மருந்துதான் என்றாலும், கேன்டிடாவில் அது வேலை செய்வதே இல்லை. கீற்றோகொனசோல் 200 குளிசை ஈரலுக்குக் கேடு செய்யக் கூடியது என்பதால், 2013ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அதை நிறுத்தும்படி பரிந்துரைத்தார்கள், அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். பழைய பட்டை ஒன்று வீட்டில் கிடந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

எங்கள் பகுதியில் பெயர் குழம்புவதற்கு இன்னொரு வழி உண்டு. ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கும் குளிசைகளும், கத்தரியால் வெட்டிக் கொடுத்த பட்டைத் துண்டுகளும் ஒரே பிஸ்கற் பேணிக்குள் போகின்றன. வெட்டிய துண்டில் பெயரின் பாதியும் எண்ணின் பாதியுமே நிற்கும். "…சோல் 50" என்று மட்டும் தெரிந்தால், அது 50ஆ அல்லது 150இன் பிற்பாதியா என்று உங்களால் சொல்ல முடியாது. பெயரும் எண்ணும் காலாவதித் திகதியும் முழுதாக வாசிக்க முடியாத குளிசை எதுவானாலும் அது பயன்படுத்தத் தகாதது.

## விழுங்கும் குளிசை: ஃபுளுகொனசோல் 150

இதன் நல்ல பக்கம் எளிதானது. சாப்பாட்டுக்கு முன்னரோ பின்னரோ, எந்த நேரத்திலும் விழுங்கலாம். மாதவிடாய் நாளிலும் எடுக்கலாம். இரவில் தனிமை தேட வேண்டியதில்லை, துணி கறைப்படாது. நெல்லு வெட்டும் காலத்தில் விடியப் புறப்பட்டு இருட்டிய பின் வீடு வரும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய வசதியல்ல.

ஆனால் "ஒற்றை" என்ற சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். விழுங்குவது ஒரு தடவை, மருந்து உடலில் நிற்பது பல நாட்கள். அதன் அளவு குருதியில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 30 மணித்தியாலங்கள் எடுக்கின்றன. அதனால்தான் ஒரு குளிசை போதுமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் அது வேறு மருந்துகளோடு மோதும் காலமும் நீளுகிறது. ஈரலில் மற்ற மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதியங்கள் சிலவற்றை ஃபுளுகொனசோல் அடக்கிவைக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் இந்த விளைவு நாலைந்து நாட்களுக்கு நிற்கலாம். "நேற்றுத்தானே எடுத்தேன், இன்று கிளினிக் குளிசை எடுத்தால் என்ன?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

கடி உடனடியாக நிற்காது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒன்று இரண்டு நாளில் தணியத் தொடங்கும், முழுதாக மாற ஒரு கிழமை வரை செல்லலாம். இது தெரியாமல் அடுத்த நாளே இரண்டாவது குளிசை வாங்க வருகிறார்கள். ஏழு நாளாகியும் மாறாவிட்டால் செய்ய வேண்டியது இன்னொரு குளிசை எடுப்பது அல்ல, சோதனைக்குப் போவது. தலையிடி, வயிற்றுப் பிரட்டல், வயிற்றுவலி சிலருக்கு வரலாம். உடலெல்லாம் தடிப்பு, முகம் வீங்குதல், கண் மஞ்சளாதல் ஆகியவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதன் மறைவான செலவு, நாம் எடுக்கும் மற்றைய மருந்துகளில் இருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## வைக்கும் ஒற்றைக் குளிசை: குளோட்ரிமசோல் 500

இதை இரவில், படுக்கப் போகும் முன்னர் வைக்க வேண்டும். பெட்டியில் உள்ள பிளாஸ்ரிக் குழாயின் நுனியில் குளிசையைப் பொருத்தி, மல்லாக்கப் படுத்து முழங்கால்களை மடித்து, நோகாத அளவுக்கு உள்ளே செலுத்தித் தண்டை அழுத்தினால் குளிசை உள்ளே நின்றுவிடும். பிறகு எழும்பி நடமாடாமல் படுத்துக்கொள்ள வேண்டும். காலையில் வெள்ளையாகத் தூள் போல் கொஞ்சம் வெளிவரலாம். அது மருந்தின் மிச்சம், நோய் கூடியதற்கான அறிகுறியல்ல. கரைவதற்கு உள்ளே ஈரம் வேண்டும் என்பதால், மாதவிடாய் நின்ற பெண்களில் வறட்சி இருந்தால் குளிசை முழுதாகக் கரையாமல் துண்டாக வெளிவரக் கூடும்.

மாதவிடாய் நாட்களில் வைத்தால் குருதியோடு கழுவுப்பட்டுப் போய்விடும். ஆகவே மூன்று நாலு நாளுக்குள் மாதவிடாய் வரவிருப்பவர் ஏழு இரவு முறையைத் தொடங்குவதை விட, இந்த ஒற்றைக் குளிசையை இன்றே வைப்பது நல்லது. குழாயோடு வராத பொதிகளும் உண்டு. வாங்கும்போதே கேளுங்கள். வெளிப்புறக் கடிக்கு ஒரு வீத குளோட்ரிமசோல் கிறீமைச் சேர்த்துப் பூசினால் எரிவு விரைவில் தணியும். வைக்கும் மருந்தும் கிறீமும் இறப்பர் ஆணுறையைப் பலவீனப்படுத்தலாம். அதை நம்பியிருக்கும் தம்பதியர் அந்த நாட்களில் உறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

குருதிக்குள் மிகக் குறைவாகவே போவதால் கிளினிக் மருந்துகளோடு இது பெரிதாக மோதுவதில்லை. பல மருந்து எடுக்கும் பெண்களுக்கு நான் முதலில் இதையே நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

## வைக்கும் நீண்ட முறை: குளோட்ரிமசோல் 100, ஆறு அல்லது ஏழு இரவுகள்

ஒரு பெட்டியில் பெரும்பாலும் ஆறு குளிசைகள் இருக்கும், ஓர் இரவுக்கு ஒன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கும், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், தொற்றுக் கடுமையாகி வீக்கமும் வெடிப்பும் உள்ளவர்களுக்கும் ஒரு தடவை மருந்து பல வேளைகளில் போதாது. நாட்கள் நீள வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக ஏழு இரவுகள் கொடுப்பார்கள். அப்போது குழாயைப் பயன்படுத்துவதா, கழுவிய விரலால் வைப்பதா என்பதைக் கிளினிக்கில் கேட்டறிய வேண்டும்.

இதன் செலவு பொறுமைதான். மூன்றாம் இரவில் கடி நின்றவுடன் பெட்டியை மூடி வைப்பவர்கள் பலர். மிஞ்சிய மூன்று குளிசைகளும் அடுத்த தடவைக்கு, அல்லது தங்கைக்கு என்று போகின்றன. அப்படிச் செய்தால் முதலாமவருக்கும் முழுதாக மாறாது, இரண்டாமவருக்கும் போதாது.

| கேட்பது | ஃபுளுகொனசோல் 150 | குளோட்ரிமசோல் 500 | குளோட்ரிமசோல் 100 |
|---|---|---|---|
| எப்படி | விழுங்குதல், ஒரு தடவை | யோனிக்குள், ஓர் இரவு | யோனிக்குள், 6–7 இரவுகள் |
| கர்ப்பத்தில் | வேண்டாம் | கிளினிக்கில் கேட்டு | வைத்தியர் சொல்லும் வழமையான தெரிவு |
| வேறு மருந்துகளோடு மோதல் | பல உண்டு | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| மாதவிடாய் நாளில் | எடுக்கலாம் | தவிர்க்க வேண்டும் | தவிர்க்க வேண்டும் |
| யாருக்குச் சிறந்தது | வேறு நோயோ மருந்தோ இல்லாத, முன்னர் இதே தொற்று உறுதிசெய்யப்பட்ட பெண் | கிளினிக் மருந்து எடுக்கும், தொற்று இலேசான பெண் | கர்ப்பிணி, சீனி கூடியவர், கடுமையான தொற்று |

## முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகளும் நாள் தள்ளிப் போனவர்களும். வாயால் எடுக்கும் ஃபுளுகொனசோலைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். 2016இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் அதை விழுங்கிய பெண்களிடையே கருச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டது. நீண்ட நாட்களுக்குப் பெரிய அளவில் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சிலரில் பிறவிக் குறைபாடுகளும் பதிவாகியுள்ளன. மாதவிடாய் நாலு நாள் பிந்தியிருந்தாலும் முதலில் சிறுநீர்ச் சோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு தடவை 150 பொதுவாக ஏற்றதென்றே கருதப்படுகிறது. ஆனாலும் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

சீனிக் குளிசை எடுப்பவர்கள். கிளிபென்கிளமைட், கிளிகிளசைட், கிளிமெபிரைட் ஆகியவை ஃபுளுகொனசோலோடு சேர்ந்தால் குருதியில் வழமையைவிடக் கூடுதலாக நின்று சீனியைத் திடீரென இறக்கலாம். வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்று, பசி, குழப்பம் என்பன அதன் அறிகுறிகள். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த அச்சம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் "கிளிஃபுளோசின்" என்று முடியும் புதிய சீனிக் குளிசைகள் சிறுநீரோடு சீனியை வெளியேற்றுவதால் இந்தத் தொற்றைத் தாங்களே வரவழைக்கக் கூடும். அந்தக் குளிசை தொடங்கிய பின்னரே கடி வந்தது என்றால் அதை வைத்தியரிடம் குறிப்பிட வேண்டும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வார்பரின் எடுப்பவர்கள். இதய வால்வுச் சிகிச்சைக்குப் பின் குருதி உறையாமல் இருக்க இது கொடுக்கப்படுகிறது. ஃபுளுகொனசோல் சேர்ந்தால் குருதி கசிவது கூடும். முரசில் இரத்தம், காரணமில்லாத கண்டல், கறுத்த மலம் என்பன எச்சரிக்கை. யோனிக்குள் வைக்கும் மைக்கொனசோல்கூட வார்பரினோடு மோதக் கூடியது என்பதால், இவர்கள் எந்தப் பங்கசு மருந்தையும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள். போரில் தலையில் காயப்பட்டு, இன்னும் பெனிற்றொயினோ காபமசெபைனோ எடுத்துவரும் பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஃபுளுகொனசோல் இவற்றின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும். தள்ளாட்டம், இரட்டையாகத் தெரிதல், கடும் தூக்கம் என்பன வரலாம். தோட்டத்தில் கிணற்றுக்கட்டில் நின்று வேலை செய்யும் ஒருவருக்குத் தள்ளாட்டம் என்பது என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஈரல், சிறுநீரகம், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள். வவுனியாப் பக்கமாகக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கும் ஊர்களில் இது முக்கியம். ஃபுளுகொனசோலின் பெரும் பங்கு சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. ஒரு தடவைக்கு அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்பதே பொது விதி. ஆனால் திரும்பத் திரும்ப எடுப்பதானால் அளவை வைத்தியர் கணக்கிட வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், வாந்திக்கு டொம்பெரிடோன் அல்லது தொற்றுக்கு எரித்ரோமைசின் எடுத்துக்கொண்டிருப்பவர்களும் ஃபுளுகொனசோலைச் சேர்த்து எடுக்கக் கூடாது.

இவற்றோடு, 16 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், முதல் தடவையாக இந்தக் கடி வந்தவர்கள், ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தவர்கள், காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், கொப்புளம், இடையில் இரத்தம் படுதல், துர்நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் நேரே சோதனைக்குப் போக வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்குப் போகலாம். வெல் வுமன் கிளினிக் என்று சொல்லப்படும் பெண்களுக்கான கிளினிக்கிலும் இதைக் கேட்கலாம். துணுக்காய்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு நாட் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தவறான குளிசையை மூன்று தடவை வாங்கிய பின்னர், அதே பஸ்ஸில் ஏறியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இந்தியா போய் வந்தவர்கள் சிலர் நாலு குளிசை கொண்ட சிறு பொதியொன்றைக் கொண்டு வருகிறார்கள். அதில் ஃபுளுகொனசோல் 150 ஒன்றும், அசித்ரோமைசின் ஒன்றும், செக்னிடசோல் இரண்டும் இருக்கும். எந்த நோய் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கும் பொதி அது. சிலருக்கு ஒரு வைத்தியரே அதைத் தெரிவு செய்யலாம். வெறும் பங்கசுக் கடிக்கு அதை எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அன்டிபயோற்றிக்கே பங்கசைப் பெருக்கிவிடக் கூடியது.

## ஒருவருடைய கணக்கு

விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்த 46 வயது அம்மா ஒருவர், ஃபுளுகொனசோல் 150 மூன்று மிஞ்சிய பட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கணவருக்குப் படர்தாமரைக்கு, கிழமைக்கு ஒன்று வீதம் கொடுத்ததில் மிச்சம். "அக்கா, இது பெண்களுக்கும் சரிதானே, அதே 150 தானே?" என்ற எண்ணத்தோடு வந்திருந்தாலும், நல்ல வேளையாக விழுங்க முன்னர் கேட்டார்.

பெயரும் எண்ணும் சரியாகத்தான் இருந்தன. எனவே பட்டையில் பிழை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. நான் அவருடைய கிளினிக் கொப்பியைக் கேட்டேன். அதில் மெட்போமின், கிளிகிளசைட் 80 காலையும் இரவும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டற்றின் 20 என்று இருந்தன. கடைசியாகப் பார்த்த வெறும் வயிற்றுச் சீனி 218. இந்த மூன்று வரிகளில் எல்லாம் அடங்கிவிட்டது. கிளிகிளசைட் ஃபுளுகொனசோலோடு மோதும். அட்டோர்வாஸ்டற்றினும் குருதியில் ஏறித் தசைநோவைத் தரலாம். சீனி 218 என்பதால் இது சிக்கலில்லாத தொற்று அல்ல, ஒரு தடவை மருந்து போதுமா என்பதே ஐயம். சிறுநீரில் சீனி போய்க்கொண்டிருக்கும் வரை, பங்கசுக்கு நாங்களே தீன் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவர் முன்னரும் இந்தக் கடிக்கு வைத்தியரிடம் காட்டியிருந்தார், பங்கசு என்று அப்போதே சொல்லப்பட்டிருந்தது. காய்ச்சலோ வயிற்றுவலியோ மணமோ இல்லை. கடந்த மாதங்களில் எத்தனை தடவை என்று கேட்டேன். "தைப்பொங்கலுக்குப் பிறகு இது மூன்றாவது" என்றார். அப்போது வைகாசி. ஆகவே அவரை நான் குளிசையோடு அனுப்பவில்லை. கொப்பியோடும், விபரத்தை எழுதிய சிறு துண்டோடும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

அங்கே உள்ளே பார்த்துச் சோதித்து, குளோட்ரிமசோல் 100 ஏழு இரவுகளும் வெளியே பூசக் கிறீமும் கொடுத்தார்கள். சீனிக்கான மருந்தையும் மாற்றி, இரண்டு கிழமையில் திரும்பி வரச் சொன்னார்கள். டெற்றோல் கலந்த தண்ணீரால் கழுவுவதை நிறுத்தும்படியும் சொல்லியிருந்தார்கள். அவர் அதைத் தினமும் செய்து வந்திருக்கிறார், எரிவின் ஒரு பங்கு அதனால்தான். கணவருக்குக் கடி இல்லாததால் அவருக்கு மருந்து தேவைப்படவில்லை.

ஆனி பிறந்து அடுத்த கிளினிக் முடிந்து வரும் வழியில் கடைக்கு வந்தார். கடி மாறியிருந்தது, வெறும் வயிற்றுச் சீனி 141க்கு இறங்கியிருந்தது. அந்த மூன்று கப்சூல்களும் இன்னும் வீட்டுப் பேணியில்தான் கிடக்கின்றன என்றார். அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள், அழிப்பதற்குச் சேர்த்து வைக்கும் மருந்துகளோடு போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில், "ஃபுளுகொனசோல் கேட்காமல் எடுக்கக் கூடாது, கிளிகிளசைட்டோடு மோதும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாய்விட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கொப்பியைப் பைக்குள் வைத்தார்.